மனைவி ஜெர்மனியில், கணவர் தென்காசியில்: என் மீது பிரிவு 24 மனு வந்திருக்கிறது

மேக்கரைச் செவிலி | பிப்ரவரி 18

வணக்கம். நான் ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவர் தென்காசியில் இருக்கிறார். ஆறு வயது மகள் என் அம்மாவிடம் வளர்கிறாள். இங்கே வந்த நாளிலிருந்து கணவரின் கணக்குக்கு மாதம் 40,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் கைபேசிக் கடை வைத்திருந்தார். போன நவம்பரில் அதை மூடிவிட்டார். டிசம்பரில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. அதற்குப் பிறகு 15,000 மட்டும் அனுப்புகிறேன்.

போன வாரம் அம்மா வீட்டுக்கு நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. நான் அவரோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று பிரிவு 9இல் ஒரு மனு. அதோடு பிரிவு 24இல் இன்னொரு மனு: வழக்கு முடியும்வரை மாதம் 60,000 ரூபாய் ஜீவனாம்சம், வழக்குச் செலவுக்கு ஒரு லட்சம். என் சம்பளம் மாதம் 3,40,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். 3,400 யூரோவை நூறால் பெருக்கிவிட்டார்கள்.

கேள்விகள் மூன்று. ஆண் ஜீவனாம்சம் கேட்க முடியுமா? இந்தியக் கணக்கில் பெருக்கித்தான் தீர்மானிப்பார்களா? இங்குள்ள என் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்களா? ஊருக்கு வந்தால் விமான நிலையத்திலேயே கைது செய்வார்கள் என்று அவருடைய அண்ணன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

---

குற்றாலச் சாரல் | பிப்ரவரி 18

பயப்படாதீர்கள் சகோதரி. ஆணுக்கு ஜீவனாம்சம் என்பதே சட்டத்தில் கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மட்டும்தான் உண்டு. இப்போது அது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகிவிட்டது. அதிலும் கணவன் இல்லை. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடச் சொல்லுங்கள். நீங்கள் நாட்டில் இல்லாதபோது அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

---

பழைய வாய்தா | பிப்ரவரி 18

சாரல் தம்பி 144 பற்றிச் சொன்னது சரி, மீதி ஆபத்து. குடும்ப நல வழக்குகளில் முப்பது ஆண்டு ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

144 குற்றவியல் நடைமுறையில் வருகிறது. அங்கே கணவனுக்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் செவிலியம்மாவுக்கு வந்திருப்பது இந்து திருமணச் சட்டம், 1955இன் 24ஆம் பிரிவு. அந்தப் பிரிவே 'மனைவியோ கணவனோ' என்றுதான் சொல்கிறது. தன் பிழைப்புக்கும் வழக்குச் செலவுக்கும் போதுமான தனி வருமானம் எவருக்கு இல்லையோ அவர் மற்றவரிடம் கேட்கலாம். வழக்கு முடிந்த பிறகு நிரந்தரமாகக் கேட்கும் 25ஆம் பிரிவும் அப்படித்தான்.

கேட்டுக் கிடைத்தும் இருக்கிறது. 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் மனைவி விடுதித் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். கணவருக்கு மாதம் 20,000 ரூபாயும் ஒரு காரும் கொடுக்கச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவு அங்கே நிலைத்தது. 2022இல் மும்பை உயர் நீதிமன்றம் ஓர் ஆசிரியையின் முன்னாள் கணவருக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுக்கும் உத்தரவை உறுதி செய்தது. நிலுவைக்காகச் சம்பளத்தில் மாதம் 5,000 பிடிக்கும்படி பள்ளிக்கே உத்தரவு போனது. ஆகவே 'கிடையாது' என்று சொல்லாதீர்கள். 'எளிதில் கிடைக்காது' என்பதுதான் சரி.

ஏன் எளிதில் கிடைக்காது என்றால், கை கால் நன்றாக உள்ள ஆண், வேலை செய்ய முடியாமல் இருக்கிறாரா, செய்யாமல் இருக்கிறாரா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். 2001இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்டார். தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்டவருக்கு அந்த உரிமை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். 2023இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் கொரோனாவில் வேலை போனது என்று வந்தவரிடம் ஏறத்தாழ இதையே சொன்னது.

இப்போது நான் கேட்கிறேன் அம்மா. கடையை நவம்பரில் மூடியதாகச் சொன்னீர்கள். மனு எப்போது போடப்பட்டது? கடையை எதற்காக மூடினார்? வாடகைக் கடையா, சொந்தமா? திருமணம் எங்கே, எப்படி நடந்தது? பதிவு செய்திருந்தால் எந்தச் சட்டத்தில்?

நோட்டீஸைத் திருப்பி அனுப்புவது மட்டும் வேண்டாம். அது ஒருதலைப்பட்ச உத்தரவுக்குப் போடும் பிள்ளையார் சுழி. அவர் சொன்ன 3,40,000க்கு எதிர்ச்சொல் சொல்ல ஆளில்லாமல் போகும்.

---

மேக்கரைச் செவிலி | பிப்ரவரி 19

ஐயா, மிக்க நன்றி. மனு பிப்ரவரி 3ஆம் தேதி போடப்பட்டிருக்கிறது. கடை அவருடைய அப்பா பெயரில் உள்ள கட்டடம். வியாபாரம் குறைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். இப்போது அதே இடத்தில் வேறொருவர் கடை நடத்துவதாக அம்மா சொல்கிறார். திருமணம் கோயிலில் நடந்தது. பிறகு விசாவுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். பதிவுத் திருமணம் என்றால் வேறு சட்டமா?

---

பழைய வாய்தா | பிப்ரவரி 19

இதில்தான் பாதிப்பேர் குழம்புகிறார்கள். சான்றிதழை எடுத்து மேலே உள்ள வரியைப் படியுங்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 என்றோ, இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு என்றோ இருந்தால், நடந்த திருமணத்தைப் பதிவேட்டில் குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்து திருமணச் சட்டமே உங்களை ஆளும். (தாலியும் ஐயரும் இல்லாத சுயமரியாதைத் திருமணம்கூட அதே சட்டத்தின் 7அ பிரிவில்தான் வருகிறது. 1967இல் சேர்த்தது.) சிறப்புத் திருமணச் சட்டம், 1954 என்று இருந்தால் கதையே வேறு. அதில் 36, 37 பிரிவுகள் மனைவிக்கு மட்டும்தான்.

---

மேக்கரைச் செவிலி | பிப்ரவரி 19

பார்த்துவிட்டேன். 2009ஆம் ஆண்டுச் சட்டம் என்றுதான் இருக்கிறது.

---

மட்டக்களப்பு வாவி | பிப்ரவரி 20

எங்கள் பக்கத்தில் இது புதினமே இல்லை. என் தம்பியின் மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் எட்டு வருடம். தம்பிக்கு விபத்தில் இடுப்பு முறிந்து ஒரு வேலையும் செய்ய இயலாது. அவள் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். சட்டத்தரணி, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்குப் போடச் சொன்னார். அந்தச் சட்டத்தில் 'வாழ்க்கைத்துணை' என்றுதான் இருக்கிறது. ஆண் பெண் என்ற பேதம் இல்லை. தன்னைத் தானே பராமரிக்க இயலாதவர் என்று காட்டினால் போதும். உங்கள் கணவரும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் விவாகரத்து, சேர்ந்து வாழ்தல் என்ற பேச்சே இல்லாமல் கேட்கலாமே.

---

பழைய வாய்தா | பிப்ரவரி 20

வாவி அண்ணன் சொல்வது இலங்கையில் சரி. அங்கே தாபரிப்பு தனி வழக்கு. இந்தியாவில் இந்துக் கணவனுக்கு அப்படித் தனி வழக்கு இல்லை. பிரிவு 24 ஒட்டுண்ணி மாதிரி. விவாகரத்தோ, சேர்ந்து வாழ்வதோ, நீதிமன்றம் வழியாகப் பிரிந்து வாழ்வதோ, ஏதாவது ஒரு மூல வழக்கு நிலுவையில் இருந்தால்தான் அது உயிரோடிருக்கும். இந்த வழக்கில் பிரிவு 9 மனு ஏன் போடப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? மனைவி வேலையை விட்டுவிட்டு வந்து குடும்பம் நடத்துவார் என்று அவருடைய வக்கீல் நம்புகிறாரா? 24க்கு ஒரு மரம் வேண்டும், அதற்காக நட்டது. என் ஊகம்தான், ஆனால் நானும் நட்டிருக்கிறேன்.

தம்பி விஷயத்தில் உத்தரவு வாங்கியாயிற்றா?

---

மட்டக்களப்பு வாவி | பிப்ரவரி 20

உத்தரவு வாங்கி இரண்டு வருடம். அவள் ஊருக்கு வரவே இல்லை. குவைத்தில் எப்படி வசூலிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. கடதாசி மட்டும் கையில் இருக்கிறது.

---

வீட்டில் இருப்பவன் | பிப்ரவரி 21

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். என் மனைவி அயர்லாந்தில் இருக்கிறார். நான் தனியார் நிறுவனத்தில் 38,000 சம்பளம் வாங்கியவன். இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு மாதத்தில் அவருக்கு விசா வந்தது. என் வேலையை விடும்படி சொன்னது இரண்டு குடும்பமும் சேர்ந்துதான். ஐந்து ஆண்டாகக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, பள்ளியில் விடுவது, மாமியாருக்கு டயாலிசிஸ் அழைத்துப் போவது எல்லாம் நான். இப்போது 43 வயது. நாளை அவர் பணத்தை நிறுத்தினால் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இதே இடத்தில் ஒரு பெண் இருந்தால் 'சோம்பேறி' என்று எந்த நீதிமன்றமாவது எழுதுமா?

---

பழைய வாய்தா | பிப்ரவரி 21

எழுதாது. உங்கள் கோபம் நியாயம். ஆனால் நீங்கள் சொன்னது ஆட்டோவை நிறுத்தியவரின் கதை இல்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. உங்கள் ராஜினாமாக் கடிதத் தேதியும் அவருடைய விசாத் தேதியும் ஒட்டியிருந்தால், பள்ளிப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருந்தால், மருத்துவமனைச் சீட்டில் துணைக்கு வந்தவர் என்று உங்கள் பெயர் இருந்தால், நான் உங்கள் பக்கம் வாதாடத் தயங்க மாட்டேன். அவற்றையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். செவிலியம்மாவின் வழக்கில் குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கணவரிடம் நான் வேறு கேள்வி கேட்கிறேன்.

---

ரைன் கரையோரம் | பிப்ரவரி 22

நான் இங்கே கொலோனில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்ப்புச் செய்கிறேன். வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்த மாதிரிக் கோப்புகள் சில என் மேசையைக் கடந்திருக்கின்றன. தங்கையின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தென்காசி உத்தரவை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவமனைச் சம்பளப் பிரிவுக்குப் போக முடியாது. இந்திய நீதிமன்றத்தின் சொல் இங்குள்ள முதலாளியைக் கட்டாது. முதலில் ஜெர்மன் குடும்ப நீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்று, இங்கே நிறைவேற்றலாம் என்று தனியாக ஒரு முடிவு கொடுக்க வேண்டும். ஜீவனாம்சத்தை எல்லை தாண்டி வசூலிக்க 2007இல் ஒரு ஹேக் உடன்படிக்கை வந்தது. ஐரோப்பிய நாடுகள் அதில் இருக்கின்றன, இந்தியா இல்லை. 1956ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலும் இந்தியா இல்லை. ஆகவே ஜெர்மனியின் சொந்தச் சட்டப்படிதான் பார்ப்பார்கள். எதிராளிக்கு ஒழுங்காக, நேரத்தோடு அறிவிப்புச் சேர்ந்ததா, இறுதி முடிவா இடைக்காலமா, இதே மாதிரி ஜெர்மன் உத்தரவை அந்த நாடு மதிக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு இந்தியா விஷயத்தில் பளிச்சென்ற பதில் இல்லை. இடைக்கால உத்தரவுக்காக இவ்வளவு தூரம் யாரும் மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு இன்னொரு கதவு இருக்கிறது. நேராக இங்கேயே வழக்குப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு 4ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, யாரிடம் கேட்கிறோமோ அவர் வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்பவர் எந்த நாட்டுக்காரர் என்பது பொருட்டில்லை. வழக்கறிஞர் கட்டாயம், வசதி இல்லாதவருக்குச் செலவு உதவி கேட்க வழியுண்டு.

இங்கேதான் வேடிக்கை. ஜெர்மன் நீதிமன்றத்துக்கு வந்தால் ஜெர்மன் சட்டப்படி நிறையக் கிடைக்கும் என்று நினைப்பார்கள். கிடைக்காது. 2007ஆம் ஆண்டின் ஹேக் நெறிமுறைப்படி, பணம் கேட்பவர் எங்கே வசிக்கிறாரோ அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் ஜெர்மன் நீதிபதி எடுக்க வேண்டும். கணவர் வசிப்பது தென்காசி. ஆகவே கொலோனில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி இந்தியச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். இந்தியாவில் மதத்துக்கு ஒரு சட்டம் இருந்தால், இந்திய விதிப்படி எது பொருந்துமோ அது. சுற்றிச் சுற்றி வாய்தா ஐயா சொன்ன 24ஆம் பிரிவுக்கே வந்து நிற்பீர்கள்.

---

குற்றாலச் சாரல் | பிப்ரவரி 22

அப்படியானால் ஐயா சொன்ன அந்த மரம்? 24க்கு மூல வழக்கு வேண்டும் என்றாரே. ஜெர்மனியில் வெறும் ஜீவனாம்சம் மட்டும் கேட்டால் மரமே இல்லையே?

---

ரைன் கரையோரம் | பிப்ரவரி 22

நல்ல கேள்வி. தென்காசியில் நிலுவையில் உள்ள வழக்கே மரம் என்பார் ஒருவர். இந்துச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கில் அந்த நீதிமன்றமே கொடுக்க வேண்டியது, ஜெர்மன் நீதிபதிக்கு அதில் கை இல்லை என்பார் இன்னொருவர். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன்.

---

பழைய வாய்தா | பிப்ரவரி 22

இரண்டாமவர் பக்கம் நான். ஆனால் கொலோன் நீதிபதி என்னைக் கேட்கப் போவதில்லை.

---

ஆரல்வாய்மொழி | பிப்ரவரி 23

என் விஷயமும் இதுதான். நாங்கள் கிறிஸ்தவர்கள், தேவாலயத்தில் திருமணம். நான் ஜெர்மனியில் மூன்சென் பக்கத்தில் இருக்கிறேன். கணவர் நாகர்கோவிலில். அவரும் கேட்கலாமா?

---

பழைய வாய்தா | பிப்ரவரி 23

இந்தியாவில் முடியாது. உங்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதன் 36, 37 இரண்டிலும் 'மனைவி' என்றுதான் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு வீடு, இரண்டு வீட்டிலும் மனைவி வெளிநாட்டில். ஒருவர் கேட்கலாம், மற்றவர் கேட்க முடியாது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் சட்டம்.

---

ரைன் கரையோரம் | பிப்ரவரி 23

அவர் மூன்செனில் வழக்குப் போட்டாலும் முதல் பார்வைக்கு அதே பதில். இந்தியச் சட்டம், அதில் கிறிஸ்தவர்களுக்கானது, அதில் கணவனுக்கு இடமில்லை. ஆனால் நெறிமுறையில் ஒரு தப்பும் வழி இருக்கிறது. அந்நியச் சட்டத்தின் விளைவு இங்குள்ள அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளிப்படையாக முரண்பட்டால் அதை ஒதுக்கலாம். ஆண் என்பதற்காகவே மறுப்பது ஜெர்மன் அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு ஒவ்வாது என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். நீதிபதி ஏற்பாரா என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

---

மேக்கரைச் செவிலி | மார்ச் 2

ஊரில் ஒரு வழக்கறிஞரை அமர்த்திவிட்டேன். சொத்து, வருமானம், கடன் எல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரம் கேட்கிறார். மிகப் பெரிய படிவம். என் சம்பளச் சீட்டைக் கொடுத்தால் அவர்களுக்கே ஆயுதம் கொடுத்தது போல ஆகாதா? இன்னொன்று, நான் இங்கேயே விவாகரத்துப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

---

பழைய வாய்தா | மார்ச் 2

இரண்டாவதற்கு முதலில். தீராது. 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தச் சட்டத்தில் திருமணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணம் இருக்க வேண்டும். அதோடு எதிராளி தானாக வந்து அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் விவாகரத்துக்கு அவரே சம்மதித்திருக்க வேண்டும். ஓராண்டு பிரிந்திருந்தோம் என்று ஜெர்மனியில் வாங்கிய விவாகரத்தை அவர் எதிர்த்தால், அங்கே நீங்கள் தனி ஆள், இங்கே இன்னும் மனைவி. ஜீவனாம்ச வழக்கும் அப்படியே நிற்கும்.

இப்போது படிவம். 2020 நவம்பர் 4இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது அது. இருவரும் கொடுக்க வேண்டும், நீங்கள் மட்டும் இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு அதில் தனிப் பகுதி உண்டு: அந்நியச் செலாவணியில் வருமானம், அங்கே கட்டும் வரி, அங்கே ஆகும் வீட்டுச் செலவு. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலே அந்தப் பகுதிதான். யூரோவில் சம்பாதிப்பவர் யூரோவில்தான் சாப்பிடுகிறார் என்பதைக் காட்ட வேறு இடமில்லை. மறைத்தால் அவர்கள் எழுதிய 3,40,000 நிற்கும். காட்டினால் அது உடையும். கணக்கை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

---

மேக்கரைச் செவிலி | மார்ச் 3

மொத்தச் சம்பளம் 3,400 யூரோ. வரியும் காப்பீடும் போய்க் கையில் 2,250. வீட்டு வாடகை, சூடாக்கும் செலவோடு 780. ரயில் சீட்டு 58. வானொலிக் கட்டணம் 18. சாப்பாடும் மற்றதும் 494. இங்கே ஆகும் செலவு 1,350. ஊரில் மகளுக்கும் அம்மாவுக்கும் 25,000 ரூபாய், அதாவது 250 யூரோ. திருநெல்வேலியில் என் பெயரில் வாங்கிய வீட்டுக்குக் கடன் தவணை 32,000 ரூபாய், 320 யூரோ. மிச்சம் 330 யூரோ. அதிலிருந்துதான் இப்போது அவருக்கு 15,000 ரூபாய் போகிறது.

---

பழைய வாய்தா | மார்ச் 3

பாருங்கள். 3,40,000 என்று தொடங்கியது 33,000இல் வந்து நிற்கிறது. கேட்டது 60,000.

ஒரு இடத்தில் மட்டும் எதிர்த்தரப்பு கை வைக்கும். வீட்டுத் தவணை சேமிப்புதானே, செலவில்லையே என்பார்கள். நீதிபதி அதை முழுதாகக் கழிப்பார் என்று எண்ண வேண்டாம். வாடகைச் சீட்டு, தவணை அட்டை, மகளின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் இணையுங்கள்.

அவர் பக்கம்தான் உண்மையான வேலை. மூன்று ஆண்டில் அவருக்குப் போனது 14 லட்சத்துக்கு மேல். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 'என்னை நம்பியே வாழ்ந்தார்' என்று அவர்கள் எடுப்பார்கள். 'இவ்வளவும் வாங்கிக்கொண்டு கடையையும் ஓட்டினாரே' என்று நீங்கள் எடுக்கலாம். கடையின் ஜி.எஸ்.டி. பதிவு எந்தத் தேதியில் ரத்தானது, அந்த இடத்துக்கு இப்போது வாடகை யார் வாங்குகிறார், அவருடைய கடைசி மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் தாக்கல் செய்யும்படி உங்கள் வக்கீல் மனுப் போடட்டும். நவம்பரில் மூடல், பிப்ரவரியில் மனு. இந்த மூன்று மாத இடைவெளியை நீதிபதியின் கண்ணில் பட வையுங்கள்.

15,000ஐ நிறுத்தாதீர்கள். ஆனால் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். வங்கி வழியாக, 'வழக்குக் காலப் பராமரிப்பு' என்று குறிப்பெழுதி அனுப்புங்கள்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள்: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, பணம் கட்டாததற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்கவே கூடாது என்கிறது. விமான நிலையக் கதை அவருடைய அண்ணனின் கற்பனை. ஆபத்து வேறு இடத்தில். திருநெல்வேலி வீடும் இந்திய வங்கியில் உள்ள உங்கள் என்.ஆர்.இ. கணக்கும் நீதிமன்றத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நிலுவை சேர்ந்தால் ஜப்தி அங்கேதான் வரும், ஜெர்மனிச் சம்பளத்துக்கு இல்லை.

---

குற்றாலச் சாரல் | மார்ச் 3

நோட்டீஸைத் திருப்பி அனுப்பச் சொன்னதற்கு மன்னிக்கவும் அக்கா.

---

வீட்டில் இருப்பவன் | மார்ச் 4

என் மனைவிக்கு இந்த இழையைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, 'கோப்புப் போட்டு வைக்கிறீர்களா?' என்றார். இரண்டு நாளாக வீடியோ அழைப்பில் பேச்சு கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

---

மேக்கரைச் செவிலி | நவம்பர் 11

இழை பழசாகிவிட்டது, முடிவைச் சொல்லாமல் விட மனமில்லை. பிராங்க்ஃபர்ட் துணைத் தூதரகத்தில் சான்றளித்து அம்மா பெயருக்குப் பவர் பத்திரம் அனுப்பினேன். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது தெரியாமல் கடைசி வாரத்தில் ஓடினோம். மற்றவர்கள் இதைக் கவனியுங்கள்.

கணவரின் பிரமாணப் பத்திரத்தில் வருமானம் பூஜ்யம். வங்கிக் கணக்கு வந்தபோது மாதா மாதம் 9,000 ரூபாய் வரவு இருந்தது. கடைக்காரர் தரும் வாடகை. அப்பாவின் கட்டடம், வாடகை இவர் கணக்குக்கு. நவம்பருக்குப் பிறகு வேலை தேடியதற்கு ஒரு காகிதமும் இல்லை. நான் இரண்டு முறை காணொளியில் ஆஜரானேன்.

அக்டோபர் கடைசியில் உத்தரவு. வேலை செய்யத் தகுதி உள்ளவர், ஆனாலும் திருமணத்தின்போது பழகிய வாழ்க்கை நிலை, நான் தொடர்ந்து அனுப்பிய தொகை, வருமான வித்தியாசம் ஆகியவற்றைப் பார்த்து மாதம் 8,000 ரூபாய், மனுத் தேதியிலிருந்து. வழக்குச் செலவுக்கு 15,000. என் வீட்டுத் தவணையில் பாதியைத்தான் செலவாக எடுத்துக்கொண்டார்கள். பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ஒன்பது மாதத்துக்கு 72,000. நான் வங்கி வழியாக நான்கு மாதம் அனுப்பிய 60,000ஐக் கழித்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு அனுப்பியது என் தம்பி கையில் கொடுத்தது. அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐயா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

அவர் தொகை குறைவு என்று உயர் நீதிமன்றம் போகிறாராம். என் வக்கீல் நாமும் ஒரு பைசாகூடக் கொடுக்கக் கூடாது என்று போகலாம் என்கிறார். எனக்கு மனமில்லை.

---

பழைய வாய்தா | நவம்பர் 11

தொகை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. வாடகை வருகிறவருக்கு 5,000 போதும். இன்னொரு நீதிபதி முழுதாகத் தள்ளுபடி செய்திருப்பார். போகலாமா வேண்டாமா என்பதை மூல வழக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரிவு 9 மனுவை அவர் வாபஸ் வாங்கினால் 24 அன்றோடு நிற்கும். அவர் வாபஸ் வாங்குவாரா?

---

மேக்கரைச் செவிலி | நவம்பர் 12

வாங்க மாட்டார். அடுத்த வாய்தா ஜனவரி 20.

---

மட்டக்களப்பு வாவி | நவம்பர் 12

தங்கச்சி, தம்பியின் மனைவி போன மாதம் ஊருக்கு வந்துவிட்டாள். நீதவான் முன் நிறுத்தினோம். நிலுவையில் பாதியைக் கட்டினாள். மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறாள்.